எதிர்வீட்டு வெந்நீருக்கான பில் குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பிரான்ஸின் மின் விற்பனை நிறுவனம் ஒன்று

பொருள்: திருத்தத் திருத்தத் திருந்தாத பில்

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயா,

பாரிஸில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருப்பவன் நான். மாதம் 520 யூனிட் மின்சாரம் செலவழிக்கும் வசதி எனக்கு உண்டு என்று உலகத்தில் நம்புகிறவர்கள் நீங்கள் மட்டுமே. அந்த நம்பிக்கைக்கு நன்றி. ஒவ்வொரு முறை நான் புகார் எழுதும்போதும் தவறாமல் ‘திருத்திய பில்’ அனுப்புகிறீர்கள். அதில் தேதி புதிது, மன்னிப்பு புதிது, தப்பு மட்டும் பழசு.

மீட்டரை நேரில் பார்க்க முடியாததால் உத்தேசமாகக் கணக்கிட்டிருக்கலாம் என்று உங்கள் ஊழியர் ஒருவர் சமாதானம் சொன்னார். எங்கள் மாடிப்படி அலமாரியில் இருப்பது லிங்கி மீட்டர். யாரும் வந்து பார்க்காமலே தன் கணக்கைத் தானே அனுப்பிவிடும் ஜாதி. எனவே நானே போய்ப் பார்த்தேன். உங்கள் கடைசி பில்லில் ரீடிங் 11,940. அதற்குப் பிறகு நான் பார்த்தபோது என் மீட்டரில் 4,812. மீட்டர் முன்னால் மட்டுமே ஓடும். என்னுடையது பின்னால் ஓடியிருந்தால் நான் புகார் எழுதியிருக்க மாட்டேன், மௌனமாக அனுபவித்திருப்பேன்.

அந்த மீட்டரில் ‘+’ என்றொரு பொத்தான் உண்டு. அதைத் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 14 இலக்க எண் வரும். இணைப்பின் அடையாள எண் அதுதான். வீட்டில் ஆள் மாறலாம், மின்சாரம் விற்கும் நிறுவனம் மாறலாம், அந்த எண் மாறாது. பில்லிலும் அதை அச்சிடுகிறீர்கள். இரண்டையும் ஒப்பிட்டேன், கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. எதிர்வீட்டு அம்மையாரை அழைத்து, பக்கத்திலிருந்த அவருடைய மீட்டரில் பொத்தானை அழுத்தச் சொன்னேன். என் பில்லில் உள்ள எண் அங்கே பளிச்சென்று நின்றது. சந்தேகம் எதற்கு என்று என் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். என் மீட்டரில் மின் ஓட்டம் பூஜ்யம். நான் காசு கட்டிக்கொண்டிருக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

பில்லில் பாதிக்கு மேல் இரவுச் சலுகை நேரத்தில் போன யூனிட்டுகள் என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் அம்மையாரின் வெந்நீர்த் தொட்டி கொதிக்கிறது. எனக்கு வெந்நீர் கேஸில். என் சொற்ப மின்சாரத்துக்கு இத்தனை நாளாக அவர் பணம் கட்டி வந்திருக்கிறார், தான் சிக்கனக்காரி என்ற பெருமையோடு. அதைக் கெடுத்த பாவமும் எனக்கே.

இது எப்படி நடந்தது என்றும் ஊகிக்க முடிகிறது. குடிவந்த அன்று தொலைபேசியில் மாடி எத்தனை, கதவு இடமா வலமா என்று கேட்டீர்கள். படியேறி வந்தால் என் கதவு இடப்பக்கம், லிஃப்டில் வந்தால் வலப்பக்கம். நான் படியில் ஏறுகிறவன். நீங்கள் லிஃப்ட் போலிருக்கிறது. அந்த 14 இலக்கத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிரச்சினை தீர ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுங்கள் என்று அன்போடு ஆலோசனை சொன்னீர்கள். லிங்கியைத் தொலைவிலிருந்தே துண்டிக்கலாம். நான் ரத்து செய்தால் இருளில் உட்காருவது அம்மையார். குற்றமற்ற ஒருவரின் விளக்கை அணைத்து என் கணக்கைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தொகையைத் திருத்துவதை நிறுத்துங்கள். எண்ணைத் திருத்துங்கள். குடிவந்த தேதியிலிருந்தே என் ஒப்பந்தத்தை என் மீட்டரின் எண்ணுக்கு மாற்றி, பழைய பில்களை ரத்து செய்து, என் ரீடிங்கின்படி புதிதாக ஒன்று போட்டு, மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டு மீட்டர்களின் படங்களும் இணைப்பில் உள்ளன. என் மீட்டர் காட்டும் தொகையை ஒரு சதம் குறையாமல் கட்டுவேன். ஆனால் கடைசி ரீடிங்குக்கு 14 மாதத்துக்கும் மேல் முந்தைய நுகர்வுக்குப் பொதுவாகப் பணம் கேட்க நுகர்வோர் சட்டத்தின் L224-11 பிரிவு இடம் தராது என்பதை நினைவூட்டுகிறேன்.

இக்கடிதம் ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் வருகிறது. கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளும் ஊழியருக்கு என் அனுதாபம். இரண்டு மாதத்தில் தக்க பதில் வராவிட்டால் தேசிய எரிசக்தி மத்தியஸ்தரிடம் போவேன். அவர் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே எனக்கு அவர் பில்லும் வராது.

அம்மையீர், ஐயா, என் மேலான மரியாதையின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டுகிறேன். தயவுசெய்து அதை எதிர்வீட்டுக் கணக்கில் வரவு வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
படியேறி வந்தால் இடப்பக்கக் கதவு