எட்டு எம்.எம். காய், ரெண்டு எம்.எம். குழாய்

என் தாய்மாமாவுக்கு உலகம் இரண்டே வகை. எட்டு எம்.எம்.முக்கு மேலே, எட்டு எம்.எம்.முக்குக் கீழே. போடிநாயக்கனூரில் நாற்பது வருஷம் ஏலக்காய் சலித்தவர். சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, விழுகிற காய்க்கு ஒரு விலை. வீட்டில் யாருக்காவது மாப்பிள்ளை பார்க்கப் போனால் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏழு, ஏழரை தேறும்" என்று என் காதில் சொல்வார். கலர் நன்றாக இருந்தால் அரைப் புள்ளி கூட்டிக்கொடுப்பார்.

போன வருஷம் அவருக்கே ஒரு சல்லடை வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு மாதம் நாலு முறை கணக்குப் பார்க்கப் போவார். கீழே இருக்கும் ஸ்டோரிலிருந்து மேல் பாத்திக்கு ஏறும்போது, பாதிச் சரிவில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துகிற மாதிரி இருக்கும். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் நின்றால் போய்விடும். மறுபடி ஏறினால் மறுபடி வரும். இதற்கு மாமா வைத்த பெயர் வாய்வு. எட்டு மாதம் இஞ்சிச் சாறு, பெருங்காயம், ஓமம். வாய்வுக்கு மேடு பள்ளம் தெரியாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஏறினால் வருவதும் நின்றால் போவதும் இதயத்தின் பழக்கம். நின்ற பிறகும் போகாமல் வலி இழுத்தால், அது நாட்டு மருந்துக் கடைக்குப் போகும் நேரமும் இல்லை, மறுநாள் காலை வரை பொறுக்கும் நேரமும் இல்லை.

கடைசியில் டிரெட்மில் மேல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஆஞ்சியோ பண்ண வேண்டும் என்றார்கள். செய்தி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு மாமாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவர் நெஞ்சைப் பிளப்பார்கள் என்றார். ஒருவர் தொடையில் ஓட்டை போட்டுக் கம்பியை விட்டுக் கடைவார்கள் என்றார். மூன்றாமவர் எதுவுமே சொல்லாமல் மாமாவின் டீக்குக் காசு கொடுத்தார். அதுதான் மாமாவை அதிகமாகக் கலக்கியது.

மதுரைக்கு ரயிலில் போனோம். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போடுவதாக 2010 முடிவில் நிறுத்திய ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்த மாமா ஆண்டிபட்டி தாண்டியதும் வாயைத் திறந்தார். "மாப்ளே, ஒரு பாதையை அகலப்படுத்த கவர்மெண்டுக்கே பன்னெண்டு வருசம் ஆச்சு. இவங்க என் குழாயை அரைமணி நேரத்துல என்ன பண்ணிருவாங்க?"

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மானிட்டரில் மாட்டினார்கள். நாடித்துடிப்பு 118. அத்தை "பயப்படாதீங்க" என்றாள். 121. நான் "பயப்படாதீங்க மாமா" என்றேன். 124. சித்தப்பா மகன் திண்டுக்கல்லிலிருந்து போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "பயப்படாதீங்க மாமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பித்தான். போனைப் பிடுங்கி அணைத்தேன்.

அப்போதுதான் ஒரு நர்ஸ் வந்தார். முப்பது வயது இருக்கும். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு மாமாவின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து "பயப்படாதீங்க" கடைசி வரை வரவே இல்லை.

"ராத்திரியிலிருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களாய்யா?"

"பச்சைத் தண்ணி இல்ல."

"அப்ப வாயில ஏலக்கா வாசம் அடிக்குதே?"

கன்னத்தில் ஒன்று, இடுப்பு வேட்டி மடிப்பில் மூன்று. கன்னத்தில் இருந்ததைத் துப்பவைத்தார். மற்ற மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மாமாவின் பெயரை எழுதி ஒட்டினார். பரிசோதனைக்கு நடுவில் வாந்தி வந்தால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும், பட்டினி அதற்காகத்தான் என்று சொன்னார். பிறகு, "காய் நல்லாருக்கே, எட்டுக்கு மேல இருக்குமா?" என்றார்.

மாமா திரும்பி அவரைப் பார்த்தார். அன்று முதல்முறையாக அந்த அறையில் ஒரு மனுஷியைப் பார்த்தது போல. "தாயி, நீ எந்த ஊரு?"

சிலமலைப் பக்கம். அம்மா ஜீப்பில் மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர். அதற்குப் பிறகு நடந்தது மருத்துவமா, வியாபாரப் பேச்சா என்று எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

"நெஞ்சைப் பொளப்பாங்களாமே?" என்றார் மாமா.

"இல்லய்யா. மணிக்கட்டுல ஊசி போட்டு மரத்துப்போக வச்சு, ஒரு குழாயை உள்ள விடுவாங்க. அது இதயத்து வாசல் வரைக்கும் போகும். அதுல மருந்து விட்டா, எக்ஸ்ரேயில ரத்தக்குழாய் எங்க சுருங்கியிருக்குன்னு தெரியும்."

"எம்புட்டுக் கனம்?"

"ரெண்டு எம்.எம்."

மாமா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "எட்டு எம்.எம். காயில காவாசி. அது சல்லடையில நிக்காதே!" என்றார், குழாய்க்காக வருத்தப்படுவது போல. மானிட்டரில் 110.

அடுத்து நர்ஸ் மாமாவின் மணிக்கட்டில் இரண்டு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களை இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். முஷ்டியை மடக்கி மடக்கித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்தது. சுண்டுவிரல் பக்கத்துக் கட்டைவிரலை மட்டும் எடுத்தார். சில நொடிகளில் கை மறுபடி சிவந்தது. "கைக்கு ரெண்டு வழியில ரத்தம் வருதுய்யா. நாங்க ஒண்ணுல குழாய் விடும்போது மத்தது பார்த்துக்கும். போடிமெட்டுல பாறை உருண்டு ரோட்டை அடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"கம்பமெட்டு வழியா போவோம்."

"அம்புட்டுத்தான்."

ஆனால் ஆண் உதவியாளர் ஒருவர் சவரக் கத்தியோடு வந்து தொடைப் பக்கம் திரையை இழுத்தபோது மாமா துள்ளி எழுந்துவிட்டார். 126. டீக்கடைக்காரர் சொன்னது சரிதானே! கையில் செய்கிற வேலைக்குத் தொடையில் எதற்குச் சவரம்? நர்ஸ் ஒளிக்கவில்லை. கைக்குழாய் சிலருக்கு ரொம்ப வளைந்திருக்கும், அல்லது பாதியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது தொடை வழியாகப் போவார்கள் என்றார். "ஸ்டெப்னி இல்லாத ஜீப்புல பதினேழு கொண்டை ஊசி ஏறுவீங்களாய்யா?" மாமா படுத்தார். வெள்ளி அரைஞாணைக் கழற்றுவதற்கு மட்டும் அத்தையின் சம்மதம் தேவைப்பட்டது.

அந்த "இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்" விஷயம்தான் எனக்குப் புதிது. மணிக்கட்டு ரத்தக்குழாயின் உள்விட்டமே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். மனிதன் பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஊறும். அந்தக் குழாயின் சுவரில் உள்ள தசை சுருங்கும். உள்ளே போன குழாயை முன்னாலும் தள்ள முடியாது, பின்னாலும் இழுக்க முடியாது; நோயாளிக்குக் கை முழுக்க வலிக்கும். அதைத் தளர்த்த மருந்து கொடுப்பார்கள், லேசான தூக்க மருந்தும் உண்டு. ஆக, அந்த நர்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து ஏலக்காய் பேசியது உபசாரம் இல்லை. டாக்டர் வருவதற்கு முன்னால் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார். ரயில்வேக்காரர்களை விடக் கொஞ்சம் சீக்கிரமாக.

கையெழுத்துத் தாளில் "உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்ற வரியில் மாமாவின் விரல் நின்றது.

"பெரிய ஆபத்து நூத்துல ஒருத்தருக்கும் கம்மிய்யா. ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"நூறு மூட்டைக்கு ஒரு மூட்டை பூச்சி விழுகும்தான்" என்று கையெழுத்துப் போட்டார். உடனே, "அப்ப இன்னைக்கே அடைப்பை எடுத்துருவீங்க?" என்றார்.

"இல்லய்யா. இன்னைக்கு சாம்பிள் பார்க்கிறது மட்டும். ஏலம் கேக்கிறதா வேண்டாமான்னு டாக்டர் உங்ககிட்ட பேசித்தான் முடிவு பண்ணுவார்."

முறை வரும் வரை காத்திருந்த நேரத்தில் நர்ஸ் ஒரு கதையும் சொன்னார். 1929-இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்று ஓர் இளம் டாக்டர். இதயம் வரை குழாய் விடலாம் என்றார். மேலதிகாரி கூடாது என்றார். கருவிகளின் சாவி கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் இருந்தது. டாக்டர் அவரிடம் பேசிப் பேசிக் கரைத்தார். அந்த அம்மா, "அப்படியானால் என் மேலேயே செய்யுங்கள்" என்று மேஜையில் படுத்துவிட்டார். டாக்டர் அவர் கைகால்களைக் கட்டினார். கட்டிவிட்டு, சத்தமில்லாமல் தன் இடது கையில் கீறி, ரத்தக்குழாய் வழியாக 65 சென்டிமீட்டர் குழாயைத் தனக்கே விட்டுக்கொண்டார். பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாயின் நுனி இதயத்தில் இருப்பதைப் படம் எடுத்தார்.

"அந்த நர்ஸம்மாவை அவுத்துவிட்டானா இல்லையா?" என்றார் மாமா, மற்ற எதையும் பொருட்படுத்தாமல்.

"அவுத்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுக்கவே போனாங்க. அந்தம்மாவும் கூடப் போனாங்க. 1956-இல் டாக்டருக்கு வேற ரெண்டு பேரோட சேர்த்து நோபல் பரிசு குடுத்தாங்க."

"அந்தம்மாவுக்கு?"

"ஒண்ணும் இல்லய்யா."

"கட்டிப்போட்ட பாவத்துக்கு ஒரு சேலையாவது எடுத்துக் குடுத்திருக்கலாம்."

மானிட்டர் 88. சித்தப்பா மகன் மறுபடி போன் செய்தான். எடுக்கவில்லை.

தள்ளுவண்டி வந்தபோது நர்ஸ் கடைசியாக மூன்று விஷயம் சொன்னார். மணிக்கட்டில் எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு ஊசி. அப்புறம் கையில் ஏதோ அழுத்துகிற மாதிரி. மருந்து விடும்போது சில சமயம் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும். "காய் காயுறப்போ ஸ்டோர் கதவைத் திறந்தா முகத்துல அடிக்குமே, அது மாதிரி. ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரிகூட இருக்கும், போயிருக்க மாட்டீங்க. கொஞ்ச நேரத்துல தணிஞ்சிரும்."

அரைமணிக்குள் மாமா வெளியே வந்தார். "அந்தப் புள்ள சொன்ன வரிசையிலேயே வந்துச்சு மாப்ளே" என்றார், ஏலச்சீட்டில் எழுதியபடி பணம் வந்துசேர்ந்த திருப்தியோடு. மணிக்கட்டில் காற்றடைத்த, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை. சில மணி நேரத்தில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். அதுவரை கையை மடக்கக் கூடாது, ஊன்றி எழக் கூடாது, நிறையத் தண்ணீர் குடித்து மருந்தைச் சிறுநீரில் வெளியேற்ற வேண்டும். ஒரு சின்னக் கிளைக்குழாயில் அடைப்பு, இப்போதைக்கு மாத்திரையிலேயே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் பணி முடிந்து கிளம்பும்போது நர்ஸ் அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா இடது கையால் திறந்து பார்த்தார். அவருக்கு எண்ணத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

"மூணு குடுத்தேன். ரெண்டுதான் இருக்கு."

"சாம்பிள் எடுத்தோம்யா" என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டு, அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.