தள்ளினால் எரிகிறது, மறுநாள் வலிக்கவில்லையே!

கேள்வி: ஜிம்மில் எடை ஏற்றிய ஸ்லெட்டை 20 மீட்டர் தள்ளினாலே தொடை எரிகிறது. ஆனால் ஸ்குவாட் செய்த மறுநாள் போல வலி இல்லையே, ஏன்?

பதில்: ஸ்லெட் ரொக்க வியாபாரி, அங்கேயே கணக்கை முடித்துவிடும், ஸ்குவாட் மறுநாள் வந்து வட்டியோடு வசூலிக்கும். ஸ்குவாட்டில் எடையோடு கீழே இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் விழுவது அப்போதுதான். ஸ்லெட்டில் அந்த இறக்கம் அநேகமாக இல்லை. தள்ளினால் நகரும், விட்டால் நின்றுவிடும். தசைக்குச் சுருங்கித் தள்ளும் வேலைதான். இடைவிடாமல் அடி வைப்பதால் எரிகிறது. நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். பின்னோக்கி நடந்து இழுத்தால் முன்தொடை இன்னும் களைக்கும். ஆனால் இறங்கும்போது தாங்கும் பலம் ஸ்லெட்டில் அவ்வளவாக வளராது. மலையிறங்கப் போகிறீர்களா? ஸ்குவாட்டைக் கைவிடாதீர்கள்.