336 முகங்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

அந்த விளம்பரத்தை எழுதியவரை முதலில் வாழ்த்திவிடுகிறேன். தேர்ந்த கை அவருக்கு. 2022 குடிமைப் பணித் தேர்வில் இந்தியா முழுக்கத் தேர்வானவர்கள் 933 பேர். அதில் 336 பேர் எங்களிடம் வந்தவர்கள் என்று சென்னையிலுள்ள சங்கர் ஐ.ஏ.எஸ். அகாடமி விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டபோது 333 பேரின் விவரத்தைக் கொடுக்கவும் செய்தது. இல்லாத ஆட்களைப் பிடித்து வந்து நிறுத்தவில்லை. தேர்வானவர்கள் தேர்வானவர்களே. இவ்வளவு மெய்யை வைத்துக்கொண்டும், 2024 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியான செய்திப்படி ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மக்களைத் தவறாக எண்ணவைக்கும் விளம்பரம் என்பதே காரணம்.

விளம்பரம் ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தது. அந்த வெற்றியாளர்கள் எந்த வகுப்பில் சேர்ந்தார்கள் என்பதை. ஆணையத்துக்குக் கிடைத்த கணக்குப்படி அவர்களில் 221 பேர் வந்தது இலவச நேர்காணல் வழிகாட்டுதலுக்கு. 71 பேர் மெயின்ஸ் மாதிரித் தேர்வு எழுதியவர்கள், 35 பேர் பிரிலிம்ஸ் மாதிரித் தேர்வு எழுதியவர்கள். பொதுப்பாடத்தை பிரிலிம்ஸ் முதல் மெயின்ஸ் வரை படித்தவர்கள் 12 பேர். வெற்றியாளர் எண்ணிக்கையைச் சொன்ன அதே நேரத்தில் கட்டண வகுப்புகளும் விளம்பரமாயின. இரண்டையும் இணைத்துக்கொள்ளும் வேலை படிப்பவர் தலையில் விழுந்தது. பொய் சொல்லும் பாவத்தை நிறுவனம் சுமக்கவில்லை, வாசகரே தமக்குத் தாமே தவறாகச் சொல்லிக்கொண்டார். இந்தத் திறமையை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

இந்தத் திறமை எவ்வளவு தூரம் பாயும் என்று பார்க்க லப்பைக்குடிக்காட்டுக்கு வாருங்கள். வெள்ளாற்றங்கரையில், பெரம்பலூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிற ஊர். வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டில் பட்டப்படிப்பு முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த விளம்பரம் அவள் கைப்பேசிக்கு வருகிறது. வளைகுடாவில் இருக்கும் அத்தாவை அழைக்கிறாள்.

"அத்தா, 933 பேர்ல 336 பேரு இங்கதான் படிச்சிருக்காங்களாம்."

"அவ்ளோ பேரா? அப்ப பணத்தப் பத்தி யோசிக்காதம்மா. சேந்துரு."

பாலைவன வெயிலில் நிற்கிற மனிதரை ஒரே எண்ணில் நம்பவைத்துவிட்டது விளம்பரம். அவள் கட்டப்போவது ஆரம்பம் முதல் படிக்கும் பொதுப்பாட வகுப்புக்கு. அந்த வகுப்புக்குச் சாட்சி 12 பேர். அவள் எண்ணியதோ 336.

சாட்சியை எங்கே நிறுத்துவது என்பதிலும் விளம்பரக்காரரின் நுட்பம் தெரிகிறது. 2022 பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,73,735 பேர். மெயின்ஸுக்குத் தேறியவர்கள் 13,090 பேர். அதாவது ஏறக்குறைய 44 பேரில் ஒருவர். நேர்காணல் வரை வந்தவர்கள் 2,529 பேர், அவர்களிலிருந்து தேர்வானவர்கள் 933 பேர். ஆக, நேர்காணல் வாசலில் நிற்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எப்படியும் ஜெயிக்கத்தான் போகிறார்கள். மொத்த மதிப்பெண் 2,025. அதில் நேர்காணலுக்கு உள்ளது 275. மலையேறி முடித்தவர்களுக்கு உச்சியில் இளநீர் கொடுத்துவிட்டு, ஏற்றிவிட்டவன் நான்தான் என்று படம் எடுத்துக்கொள்வதற்கு இடம் பார்க்கத் தெரிய வேண்டும். அங்கே இளநீர் கொடுப்பது நல்ல காரியம்தான், யாரும் மறுக்க முடியாது. மேலும், இலவசம் என்பதால் ஒருவரே இரண்டு மூன்று மையங்களில் மாதிரி நேர்காணலுக்குப் போகலாம். ஒரே முகம் பல சுவர்களில் சிரிக்கும், எல்லாச் சுவரும் உண்மையே சொல்லும்.

இந்த முகங்களைச் சுவரில் ஏற்றப் பல மையங்களில் ஒரு முன்னேற்பாடும் இருந்தது. சேர்க்கைப் படிவத்தின் அடியில், சின்ன எழுத்தில், "என் பெயரையும் படத்தையும் பயன்படுத்த ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி. பெற்றோர் பணம் கட்டும் பதற்றத்தில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட்டால், மாணவர் எந்தச் சேவையால் ஜெயித்தார் என்று பின்னால் அவரிடம் கேட்கும் சிரமம் மிச்சம். இந்த வசதியை 2024 நவம்பரில் வந்த பயிற்சி மைய விளம்பர வழிகாட்டு நெறிமுறை எடுத்துவிட்டது. தேர்ச்சி வந்த பிறகுதான் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும். படத்தோடு பெயர், தரவரிசை, சேர்ந்த வகுப்பு, அது கட்டண வகுப்பா என்பதெல்லாம் வர வேண்டும். பொறுப்புத் துறப்பும் மற்ற முக்கிய விவரங்களின் எழுத்து அளவிலேயே இருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தைப் பொறிக்கும் கலைக்கு இது பேரிழப்பு.

அந்த 336 பேர் விளம்பரத்தை, அதே கணக்கை வைத்தே, அதே ஆட்களை வைத்தே, வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம். இப்படி:

"2022-ல் தேர்வானவர்களில் 221 பேர் எங்கள் இலவச நேர்காணல் வழிகாட்டுதலுக்கு வந்தவர்கள். 71 பேர் எங்கள் மெயின்ஸ் மாதிரித் தேர்வை எழுதினார்கள். எங்கள் பொதுப்பாட வகுப்பில் படித்துத் தேர்வானவர்கள் 12 பேர்."

எனக்கு இது பலவீனமான விளம்பரமாகத் தெரியவில்லை. 221 பேர் வந்து போன நேர்காணல் பயிற்சி என்பது பெரிய பெயர். நேர்காணலுக்கு ஆயத்தமாகிறவர் இதைப் படித்தால் உடனே வருவார். மாதிரித் தேர்வு தேடுகிறவரும் வருவார். பொதுப்பாட வகுப்பைத் தேடுகிறவர் 12-ஐப் பார்த்து, மேலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு முடிவெடுப்பார். ஒவ்வொரு சாட்சியும் தான் பயன்படுத்திய சேவைக்குத்தான் சாட்சி சொல்ல முடியும். அதைத் தாண்டி இழுக்கும்போதுதான் மிகைப்படுத்தல் தொடங்குகிறது. சொற்களில் "இந்தியாவிலேயே சிறந்த" என்று போடாவிட்டாலும் அது மிகைப்படுத்தல்தான்.

ஒருவரின் வெற்றிக் கதையை எழுதும்போதும் இதேதான். அவர் எத்தனையாவது முயற்சியில் ஜெயித்தார், நம்மிடம் எத்தனை மாதம் இருந்தார், அதற்கு முன் எங்கே படித்தார், வீட்டிலிருந்தே எவ்வளவு படித்தார் என்பதெல்லாம் கதைக்குள் இருக்க வேண்டும். "நான்காவது முயற்சி. முதல் மூன்றும் சொந்தமாகப் படித்தேன். இங்கே எழுதிய மாதிரித் தேர்வுகளில் கட்டுரைத்தாளில் நேரத்தைப் பங்கிடக் கற்றுக்கொண்டேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு தாளும் அந்த நேரப் பங்கீடும் கண் முன்னே வந்துவிடும். "என் வெற்றிக்கு இந்த அகாடமிதான் முழுக் காரணம்" என்பதில் ஒன்றும் வராது. இரண்டாவதைத்தான் பல மையங்கள் சட்டம் போட்டு மாட்டுகின்றன. கேட்பவருக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் வைக்காத வாக்கியம் அது, அந்த வகையில் பூரணமானது.

இத்தனை நேர்மையாக எழுதினாலும் ஒரு குறை மிஞ்சும். ஜெயித்தவர்கள் 12 என்றால் சேர்ந்தவர்கள் எத்தனை? 50 பேர் சேர்ந்து 12 என்பது ஒன்று, 2,000 பேர் சேர்ந்து 12 என்பது முற்றிலும் வேறு. தோற்றவர்கள் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை. ஆகையால் லப்பைக்குடிக்காட்டுப் பெண் சேர்க்கை மேசையில் ஒன்றைக் கேட்கலாம்: "நாங்க இப்ப பணம் கட்டப்போற இதே வகுப்புல போன வருஷம் எத்தன பேரு சேந்தாங்க? அதுல பிரிலிம்ஸ் பாஸானவங்க எத்தன பேரு?" பிரிலிம்ஸைக் கேட்பதற்குக் காரணம், 44 பேரில் 43 பேர் நின்றுபோவது அங்கேதான். பதிலாக ஆல்பத்தைத் திறந்து காட்டினால், படத்துக்கு ஒன்றாக எந்த வகுப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டே வரட்டும்.