கப்பலைத் தவறவிட்டவர்களுக்கான கடிதக் கலை

திருப்பூரில் பனியன் தைக்க ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள். சரக்கு தாமதமானால் வெளிநாட்டு பையருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று சொல்லித் தர ஆளில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன். என் தகுதி பற்றிச் சந்தேகம் வேண்டாம். கப்பலைப் பிடித்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நான் தவறவிட்டவன்.

பாடத்துக்கு ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் அண்ணன், 2025 தீபாவளி விற்பனைக்காகக் காலர் வைத்த டி-ஷர்ட் 12,000 பீஸ் கேட்டிருந்தார். நான்கு நிறம், நிறத்துக்கு 3,000. எல்சியில் கப்பலேற்றக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. தீபாவளி அக்டோபர் 20. ஆகஸ்ட் 18 அன்று மெரூன் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்தது. சோதனைக்காக ஒரு துண்டைத் துவைத்தோம். தண்ணீர் நன்னாரி சர்பத் மாதிரி ஆயிற்று.

பாடம் 1: அவசரப்படாதீர்கள்

மன்னிப்புக் கேட்கச் சரியான நேரம், கப்பல் போய் மூன்று நாள் கழித்து. அதுவரை கைபேசியை எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் கேட்டால் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிடுங்கள். இதில் ஒரு சௌகரியம் உண்டு. பையர் பேச்சை ஆரம்பிக்கும்போதே கோபமாக இருப்பார், நீங்கள் தயாரித்து வைத்த முன்னுரையெல்லாம் மிச்சமாகும்.

ஆகஸ்ட் 18 அன்றே விஷயம் தெரியும், அன்றே எழுதலாமே என்று விவரமில்லாதவர்கள் கேட்பார்கள். எழுதினால் அவர் கையில் 13 நாள் இருக்கும். எல்சியைத் திருத்த வங்கிக்குப் போவார், மெரூனை நம்பி அச்சடிக்கவிருந்த விளம்பரத்தை நிறுத்துவார். இவ்வளவு வசதியை ஒரு பையருக்கு ஏன் செய்து தர வேண்டும்?

பாடம் 2: காரணத்தை வானத்திலிருந்து எடுங்கள்

மழை நல்ல காரணம். கரண்ட் அதைவிட நல்லது. ஆட்கள் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்பது ஆண்டு முழுக்கச் செல்லும். சிக்கல் என்னவென்றால், சிங்கப்பூரில் இருக்கும் தமிழனுக்குத் திருப்பூரில் ஒரு மச்சினனாவது இருப்பார். "அங்க மழையா மாப்ள?" என்று ஒரே கேள்வியில் உங்கள் புயல் கரை கடந்துவிடும்.

உண்மைக் காரணம் எழுதினால் மானம் போய்விடும் என்று பயப்படுவது இயல்பு. எங்கள் உண்மை இதுதான்: அடர்ந்த நிறம் ஏற்றும்போது சாயத்தில் ஒரு பங்கு நூலோடு பிணையாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சாயமேற்றியபின் சோப்பு போட்டுக் கொதிநீரில் நன்றாக அலசினால் அது போய்விடும். அவசரத்தில் அந்த அலசலைக் குறைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் துணி அழகாகத்தான் இருந்தது. துவைப்புச் சோதனையில் 5க்கு 4 வர வேண்டிய இடத்தில் 2 வந்தது. எங்கள் டி-ஷர்ட்டில் உடம்பு மெரூன், காலர் வெள்ளை. முதல் துவைப்பிலேயே காலர் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். திரும்ப அலசிப் பார்த்தோம், நிறம் வெளுத்து, அவர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளோடு பொருந்தவில்லை. புதுத் துணிக்குத்தான் சாயம் போட்டாக வேண்டும்.

இதை எழுதினால் ஒரு ஆபத்து உண்டு. படித்தவர் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்வார்: மற்ற மூன்று நிறத்துக்குப் பழுதில்லை, தவறு அனுப்பும் முன் பிடிபட்டது, சரிசெய்ய எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணக்கிட முடியும். மழையென்று எழுதியிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

பாடம் 3: தேதி என்ற சொல்லைக் குழப்புங்கள்

"விரைவில்", "இரண்டொரு நாளில்", "அடுத்த வாரம் எப்படியும்" ஆகியவை நம் தொழிலின் மூலதனம். எண்ணாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் "செப்டம்பர் 9 டெலிவரி" என்று எழுதுங்கள். அதில் பொய்யே இல்லை. அன்று சரக்கு நம் கம்பெனி வாசலைத் தாண்டும். அவர் அன்று தன் கடை வாசலில் ஆளை நிறுத்தி வைப்பார்.

ஒரு சரக்குக்கு நான்கு தேதி உண்டு: கம்பெனியிலிருந்து கிளம்பும் நாள், கப்பலில் ஏறும் நாள், அந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கும் நாள், கடை அலமாரியில் ஏறும் நாள். வங்கிக்கு இரண்டாவது முக்கியம், வியாபாரிக்கு நான்காவது. நாம் எப்போதும் முதலாவதைச் சொல்லி நான்காவதைப் போலக் காட்டுவோம்.

எங்கள் மெரூன் கணக்கைப் பாருங்கள். புதுத் துணி சோதனை முடிந்து ஆகஸ்ட் 30 வரும். செப்டம்பர் 1 கட்டிங். ஒரு நாளைக்கு 800 பீஸ் தைக்கிறோம், ஆக 3,000 பீஸுக்கு நான்கு நாள், 5ஆம் தேதி முடியும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் 8ஆம் தேதி வரை. 9 அன்று தூத்துக்குடிக்கு லாரி. 13 அன்று கப்பல். கொழும்பில் கப்பல் மாறி 24 வாக்கில் சிங்கப்பூர். கடைக்குப் போக 29. தீபாவளிக்கு மூன்று வாரம் மிச்சமிருக்கிறது. "விரைவில்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது இவ்வளவுதான். எழுதியே காட்டியிருக்கலாம்.

பாடம் 4: தைத்து முடித்ததை அப்படியே அனுப்புங்கள்

பாதிச் சரக்கையாவது அனுப்பினால் பையர் சமாதானமாவார் என்பது பொதுநம்பிக்கை. அனுப்பலாம், ஆனால் எந்தப் பாதி? கட்டிங் மாஸ்டர் வசதிக்குச் சின்ன சைஸ்களை முதலில் முடித்திருப்பார். ஆறாயிரம் பீஸ், எல்லாம் எஸ், எம். கடைக்கு வரும் குண்டு மாமாவுக்கு ஒன்றுமில்லை. அவர் வாங்காவிட்டால் அவரோடு வந்த ஐந்து பேரும் அடுத்த கடைக்குப் போவார்கள்.

ஆகவே சைஸைப் பிரிக்காமல் நிறத்தைப் பிரிக்க வேண்டும். மெரூன் தவிர்த்த மூன்று நிறத்திலும் எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் இருக்கும் 9,000 பீஸ் முதலில் போனால் கடை திறந்து வியாபாரம் நடக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பெட்டிக்கு 50 பீஸ் என்றால் மொத்தம் 240 பெட்டி, சுமார் 23 கனமீட்டர், ஒரு இருபதடிக் கண்டெய்னருக்குப் பொருத்தமான அளவு. பிரித்தால் கண்டெய்னர் முக்கால்வாசியோடு போகும், பின்னால் வரும் 60 பெட்டி மற்றவர் சரக்கோடு பங்குக் கண்டெய்னரில் தனிச் செலவில் போகும். அந்தச் செலவை யார் கட்டுவது என்பதைக் கடிதத்தில் எழுதவே கூடாது. பில் வரும்போது அவரே தெரிந்துகொள்ளட்டும், அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது நாமும் தெரிந்துகொள்வோம்.

ஆகாய மார்க்கத்தையும் விளையாட்டாகச் சொல்லி வைக்காதீர்கள். விமானத்தில் நிறுவை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எங்கள் பெட்டி 60, 40, 40 சென்டிமீட்டர். பெருக்கி 6,000ஆல் வகுத்தால் 16 கிலோ. தராசில் 12 கிலோதான். 60 பெட்டிக்கு 720 கிலோ சரக்கை வைத்து 960 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். மன்னிப்பின் உண்மையான எடையைக் காட்டும் தராசு அது ஒன்றுதான்.

பாடம் 5: அண்ணன் சரி என்றால் போதும்

"பரவாயில்ல தம்பி, மெதுவா அனுப்பு" என்று அவர் போனில் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆவணங்கள் வங்கிக்குப் போகும் நாள்வரை. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கிறது. கப்பல் ரசீதில் செப்டம்பர் 13, எல்சியில் ஆகஸ்ட் 31 என்றிருந்தால் அது பிழைபட்ட ஆவணம். அண்ணன் உருகி எழுதிய கடிதத்தை இணைத்தாலும் வங்கிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்திலும் உருக்கம் தெரியாது.

இன்னொரு குறுக்குவழி: ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை, வங்கி லீவு, ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது. எல்சி விதிகளான யுசிபி 600 அந்தச் சலுகையை எல்சி காலாவதிக்குத் தருகிறது. கப்பலேற்றும் கடைசி நாளுக்குத் தருவதில்லை. ஞாயிறு ஞாயிறுதான்.

நிஜப் பொறி வேறு. புதிய அட்டவணையைக் கையெழுத்தாக்கிக்கொள்ளும் ஆர்வத்தில், "முதல் தவணை இந்தத் தேதிக்குள், இரண்டாம் தவணை அந்தத் தேதிக்குள்" என்று எல்சியிலேயே எழுதச் சொல்லுவோம். அதே விதிகளின்படி, அப்படி எழுதிய தவணையில் ஒன்று தவறினால் அதற்கும், அதற்குப் பின்வரும் எல்லாத் தவணைக்கும் எல்சி செல்லாமல் போகும். எல்சியில் தேவை இரண்டே: பகுதியாக அனுப்ப அனுமதி, நீட்டிய கடைசித் தேதி. தவணைக் கணக்கு கடிதத்தோடு நிற்கட்டும்.

கெட்ட உதாரணம்

மேற்கண்ட பாடங்களை மீறி ஒருவர் எழுதிய கடிதம் இது. பின்பற்ற வேண்டாம்.

> 19.08.2025
>
> அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,
>
> உங்கள் 12,000 பீஸில் மெரூன் 3,000 மட்டும் குறித்த நாளில் வராது. நேற்று துவைப்புச் சோதனையில் சாயம் இறங்கியது. வெள்ளைக் காலரில் கறை பிடிக்கும் என்பதால் அந்தத் துணியைத் தைக்கவில்லை. சோதனையைச் சாயப்பட்டறையிலேயே நாங்கள் நடத்தியிருக்க வேண்டும். தவறு எங்களுடையது, மன்னிக்கவும்.
>
> மற்ற மூன்று நிறம், எல்லா சைஸும் சேர்த்து 9,000 பீஸ்: ஆகஸ்ட் 29 கப்பல், உங்கள் கடைக்குச் செப்டம்பர் 15க்குள்.
>
> மெரூன் 3,000 பீஸ்: செப்டம்பர் 13 கப்பல், கடைக்குச் செப்டம்பர் 29க்குள். புதுத் துணியின் சோதனைத் துண்டை ஆகஸ்ட் 30 அன்று கூரியரில் அனுப்புகிறோம்.
>
> பிரித்து அனுப்பும் கூடுதல் செலவு எங்களுடையது. 13ஆம் தேதிக் கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்புவோம், அந்தச் செலவும் எங்களுடையது.
>
> எல்சியில் பகுதியாக அனுப்ப அனுமதியும், கப்பலேற்றக் கடைசி நாள் செப்டம்பர் 20, காலாவதி அக்டோபர் 11 என்ற திருத்தமும் ஆகஸ்ட் 26க்குள் வேண்டும். மெரூன் வேண்டாம் என்று நினைத்தால் 22க்குள் சொல்லுங்கள், சாயம் போடுமுன் நிறுத்திவிடுவோம்.

இதில் ஒரு உவமை இல்லை, "தங்கள் பொன்னான பொறுமைக்கு" இல்லை, மழைகூட இல்லை. இப்படி எழுதினால் பையர் திட்டக்கூட வழியில்லாமல் தவிப்பார். மறுநாள் பதில் வந்தது:

"தம்பி, எல்சி திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டேன். துண்டு வந்ததும் வீட்டில் என் வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் துவைத்துப் பார்ப்பேன். வேட்டி வெள்ளையாக வந்தால் தைக்கவும்."