இரண்டே இரண்டு அத்திப்பழம்

எங்கள் வீட்டில் காலை ஆறரை மணிக்கு வெளியாகும் முதல் செய்தி, பெரியப்பாவின் வயிற்றைப் பற்றியது. கழிப்பறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே அடுப்படியிலிருந்து பெரியம்மா, "போச்சா?" என்பார். பெரியப்பா எங்கள் முன்னால் வாயைத் திறக்கமாட்டார். காபி டம்ளரை வாங்கும்போது முகம் இருக்கும் லட்சணத்தைப் பார்த்து நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். எத்தனை பேருடைய கடன் விண்ணப்பத்தை இழுத்தடித்தாரோ தெரியாது, இப்போது அவருடைய சொந்தக் கணக்கில் ஒன்றும் நகரவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து, "ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு" என்று பெரியம்மாவின் காதருகே சொல்வார். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால், அது மாடி வீட்டுக்காரருக்கும் கேட்கும்.

மலச்சிக்கல் என்றால் தமிழ்நாட்டில் மருந்து சொல்லாதவர் யாரும் இல்லை. எதிர்வீட்டு மாமி விளக்கெண்ணெய் என்றார். பெரியம்மாவின் தம்பி கடுக்காய்ப் பொடி என்றார். பேப்பர் போடும் பையன் கூட, "சுடுதண்ணில நெய் ஊத்திக் குடிங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை மிதித்தான். எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன காரணம் 'உடம்புச் சூடு'. கோபம் வந்தாலும் சூடு, முகத்தில் பரு வந்தாலும் சூடு, வயிறு இறுகினாலும் சூடு. நம் ஊரில் அது ஒரு பொதுக் குற்றவாளி.

கடைசியில் தெரு முனையில் இருக்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே பெரியப்பாவை நெளிய வைத்தது.

"தினம் போகுதான்னு நான் கேக்கலை சார். போறது என்ன மாதிரி இருக்கு?"

சுவரில் ஒரு படம் தொங்கியது. பிரிட்டனில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட அளவுகோலாம். மலத்தின் வடிவத்தை ஏழாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். முதல் வகை தனித்தனி உருண்டை, இரண்டாவது உருண்டைகள் ஒட்டிய கட்டி. மூன்றும் நான்கும்தான் நல்லது, வாழைப்பழ வடிவில் வருவது. ஆறும் ஏழும் பேதியின் பக்கம். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜவுளிக்கடையில் சேலையைக் காட்டுவது போல முதல் படத்தில் விரலை வைத்தார்.

டாக்டர் சூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான் என்றார். கழிவு அங்கே அதிக நேரம் தங்கினால் அதிகத் தண்ணீர் போய் இறுகிவிடும். பெரியப்பா விஷயத்தில் அதற்கு மூன்று காரணங்கள் வெளிப்பட்டன. ராத்திரி எழுந்திருக்கச் சோம்பல்பட்டுச் சாயங்காலத்துக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, வடை என்றுதான் ஓடுகிறது. தட்டில் வைக்கும் பொரியல் வைத்தபடியே இருக்கும். மூன்றாவது, ரத்தசோகைக்கு வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. அந்த மாத்திரை நிறையப் பேருக்கு மலத்தை இறுக்கும், கறுப்பாகவும் ஆக்கும். "நீங்களா நிறுத்தாதீங்க. எழுதிக் குடுத்தவர்கிட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமான்னு கேளுங்க" என்றார். பிறகு சீட்டில் எழுதியது மருந்து அல்ல: உலர் அத்தி 2, உலர் திராட்சை 15 முதல் 20, பப்பாளி ஒரு கப், தண்ணீர்.

பெரியப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆலோசனைக் கட்டணம் கட்டிவிட்டு மளிகைப் பட்டியலுடன் திரும்புவதா? ஆனால் பட்டியல் என்றால் அவர் விடமாட்டார். அன்று மாலையே நாட்டு மருந்துக்கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த அத்திப்பழத்தை ஒரு சரமாகவே வாங்கி வந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எட்டுப் பழத்தை வெறும் வாயில் மென்றார். "இரண்டே வேலை செய்யும்னா எட்டு நாலு மடங்கு வேலை செய்யணுமே" என்பது வங்கிக் கணக்கு.

வயிறு கூட்டுவட்டி போட்டது. நடுநிசிக்கு மேல் ஹாலில் நடமாட்டம். வயிறு தம்பட்டம் போல உப்பி, காற்று பிரிந்தபடியே இருந்தது. காலையில் போனது, ஆனால் ஒன்றிலிருந்து நேராக ஏழுக்கு. திடீரென்று வந்து குவிந்த நாரையும் சர்க்கரையையும் குடலில் இருக்கும் கிருமிகள் நொதிக்க வைத்தால் காற்றுதான் உண்டாகும். அத்துடன் தண்ணீரும் குடிக்காவிட்டால், நார் ஊறுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

மறுநாளிலிருந்து பெரியம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் நான்கைந்து நாளைக்கு ஒரே ஓர் அத்திதான், திராட்சை பத்து. வயிறு பழகிய பிறகுதான் சீட்டில் எழுதிய அளவு. பழத்தை வெந்நீரில் நன்றாகக் கழுவி, காம்பைக் கிள்ளி, இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே பொன்னிறத்தில் சின்னச் சின்ன விதை அடர்ந்திருந்தால் சரி. மாவு போல உதிர்ந்தாலோ, நூல் நூலாகத் தெரிந்தாலோ, புழு நெளிந்தாலோ குப்பைக்கு. பிறகு அரை டம்ளர் தண்ணீரில் திராட்சையோடு சேர்த்து ஊறப்போட்டு, எறும்பு வராமல் மூடிவைப்பார். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். கோடையில் விடிய விடிய வெளியே இருந்தால் புளிப்பு வாசனை வந்துவிடும் என்பதால் அப்போது ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்.

ஊறுவதால் நார் கூடுவதில்லை. இரண்டு பழத்தில் சுமார் மூன்று கிராம் நார், ஊறினாலும் அதே மூன்று கிராம்தான். ஆனால் காய்ந்து சுருங்கிய பழம் தண்ணீரைக் குடித்துப் பருத்து மெத்தென்று ஆகிவிடும். பெரியப்பாவின் கட்டுப்பல்லுக்கும் அது உதவி. ஊறிய தண்ணீரைக் கொட்டக்கூடாது, பழத்திலிருந்து கரைந்த இனிப்பெல்லாம் அதில்தான் இருக்கும். கூடவே ஒரு டம்ளர் வெறும் தண்ணீரையும் எதிரில் நின்று குடிக்க வைப்பார். வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்று பெரியம்மா நம்புகிறார். டாக்டரோ நேரம் முக்கியமில்லை, தினமும் தவறாமல் போனால் சரி என்கிறார். பெரியம்மாவை எதிர்க்க டாக்டருக்கும் தைரியமில்லை.

திராட்சையின் மீது எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. இருபது திராட்சையில் அரை கிராம் நார்கூடத் தேறாது. ஆனால் அதிலுள்ள டார்டாரிக் அமிலமும் சேர்ந்து கொஞ்சம் இளக்கிவிடுகிறதாம். தனி ஆளாக நின்று காரியத்தை முடிக்காது, அத்திக்குத் துணை ஆள், அவ்வளவுதான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போடப் போன பெரியப்பாவை நான் தடுத்தேன். நாய்களுக்குத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம்.

பப்பாளி காலைப் பலகாரத்துக்கு முன்னால் ஒரு கப், அதாவது நூற்றைம்பது கிராம் அளவு. நார் இரண்டரை கிராம், பெரும்பகுதி தண்ணீர். தோல் மஞ்சளாகி, விரலால் அமுக்கினால் லேசாக உள்வாங்கும் பழமாக இருக்க வேண்டும். எதிர்வீட்டு மாமி, "பப்பாளிப் பாலுக்குத்தான் சக்தி" என்று பச்சைக் காயைக் கூட்டு வைத்துக் கொண்டுவந்தார். அந்தப் பாலில் உள்ள பாப்பைன் புரதத்தைச் சிதைக்கும். அதை எடுப்பதற்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 5 ரகத்தை உருவாக்கியது. ஆனால் பெரியப்பாவின் சிக்கல் புரதம் சம்பந்தப்பட்டதல்ல, நாரும் நீரும் சம்பந்தப்பட்டது. பழுக்கப் பழுக்க அந்தப் பால் குறைந்துவிடும் என்பதால் கனிந்த பழமே நமக்குச் சரி. கர்ப்பிணிகள் காயைத் தொடவே கூடாது.

இந்த மூன்றும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு கிராம் நார். பெரியவர் ஒருவருக்குத் தேவை இருபத்தைந்து முப்பது கிராம் என்பதால், மீதியைக் கீரை, அவரைக்காய், சுண்டலிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பெரியப்பா, "அப்ப பொரியல்லேர்ந்து எனக்கு விடுதலை இல்லையா?" என்று கேட்டார். இல்லை. இன்னொன்று, இவை இனிப்பு. இரண்டு அத்தியிலும் இருபது திராட்சையிலும் சேர்த்து நான்கைந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருக்குத் திராட்சை கிடையாது, ஓர் அத்தி அல்லது அரை கப் பப்பாளி, அதையும் அன்றைய கணக்கில் சேர்த்துத்தான். சிறுநீரக நோய் உள்ளவர்கள் உலர்பழத்தைத் தொடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.

விளக்கெண்ணெய் போல இது இன்று குடித்து இன்றே ஓடும் விஷயமல்ல. பெரியப்பா டைரியில் ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று நாள்தோறும் வகை எண்ணை ஏற்றினார். ஒரு வாரம் கழித்து 'நான்கு' என்று சிவப்பு மையில் எழுதிக் கீழே கோடு போட்டார். காலைப் பலகாரம் முடிந்ததும் குடல் தானே அசைய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் காலடியில் ஒரு சின்ன மணைக்கட்டையைப் போட்டு, முழங்கால் உயரும்படி பத்து நிமிடம் உட்காரச் சொன்னதும் பாதி வேலையைச் செய்தது. பேப்பரை உள்ளே கொண்டுபோகத் தடை. அதற்காக அவர் இன்னும் பெரியம்மாவிடம் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

பழத்தால் ஆகாத இடங்களும் உண்டு. ரத்தம் வந்தால், இரும்பு மாத்திரை சாப்பிடாமலே மலம் கறுத்தால், எடை குறைந்தால், ஐம்பது வயதுக்கு மேல் மலச்சிக்கல் புதிதாக ஆரம்பித்தால், பழத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றே பிரியாமல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. நாட்கணக்கில் அடைத்துக்கொண்டு தண்ணீராக மட்டும் கசிந்தால் அது பேதியல்ல. உள்ளே மலம் கட்டி நிற்கிறது. அதன்மேல் நாரைத் திணித்தால் இன்னும் இறுகும்.

இப்போது பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்குப் பெரியப்பாதான் ஆலோசகர். நேற்று ஒருவர் அவரிடம், "சார், எத்தனை அத்திப்பழம் சாப்பிடணும்?" என்று கேட்டார். பெரியப்பா பழைய கடன் பிரிவு மேஜையில் உட்கார்ந்த தோரணையில், "முதல்ல என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க? தண்ணி எவ்வளவு? காய்கறி உண்டா? படத்துல எந்த நம்பர்?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வந்தவர் பொறுமையிழந்து, "எத்தனைன்னு சொல்லுங்க சார், நான் ஒரு சரமே வாங்கிடறேன்" என்றார்.

"ஒண்ணு. அதுவும் ஊறவெச்சது. ஒரு வாரம் கழிச்சு வாங்க, இரண்டாவதைப் பரிசீலிக்கலாம்."