ஏக்கருக்கு ஏக்கர், நடுவில் அரசாங்கம்

இரண்டு விவசாயிகள். ஒருவருக்கு ரோட்டோரம் ஒரு ஏக்கர். கிணறும் மீதி நிலமும் உள்ளே. இன்னொருவருக்கு அந்தக் கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கர், மீதியெல்லாம் ரோட்டோரம். "அண்ணே, உங்க ஏக்கரை நான் எடுத்துக்கிறேன், என் ஏக்கரை நீங்க எடுத்துக்கங்க." டீக்கடையில் பேச்சு முடிந்தது. ஒருவர் பாக்கெட்டிலிருந்தும் ஒரு ரூபாய் வெளியே வரவில்லை. பாவம், இரண்டு பேருக்குமே தெரியாது, பணம் கைமாறாத வியாபாரத்தைத்தான் அரசாங்கத்துக்குப் பிடிக்காது என்று.

டீக்கடைப் பேச்சு செல்லாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 118. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் நிலத்தை மாற்றிக்கொண்டால் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். விக்டோரியா மகாராணி காலத்து நூறு ரூபாய் இன்றும் அதே நூறுதான். நம் அரசுகள் விலையை ஏற்ற மறந்த ஒரே இடம் இது.

மறக்காத இடங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பரிவர்த்தனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 5 சதவீதம், உள்ளாட்சியின் பெயரைச் சொல்லி 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9. எதன் மேல்? இரண்டு சொத்தில் எது மதிப்பு அதிகமோ அதன் மேல். ரோட்டோர ஏக்கரின் வழிகாட்டி மதிப்பு 30 லட்சம், கிணற்றோர ஏக்கருக்கு 24 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு 9 சதவீதம், 2,70,000 ரூபாய். இதுவும் சலுகைதானாம். ஒருவருக்கொருவர் கிரையம் எழுதி இரண்டு பத்திரமாகப் பதிந்தால் 54 லட்சத்துக்கும் கட்டி 4,86,000 ரூபாய் அழ வேண்டும். ஒரே பத்திரம், இரண்டு சொத்து விவரம், ஒரே தீர்வை என்பது சட்டம் தெரியாமல் காட்டிவிட்ட கருணை. அதைக்கூடச் சொல்லாமல் இரண்டு கிரையம் எழுத வைக்கிற பத்திர எழுத்தர் உங்கள் ஊரில் இல்லையா?

"எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு ஏக்கரும் சமம் சார்" என்று சார்பதிவாளரிடம் சொல்லிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரின் அருமை நட்டவனுக்குத் தெரியும். கணினிக்குத் தெரிந்தது சர்வே எண். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் பத்திரம் தனித்துணை ஆட்சியர் மேசைக்குப் பயணமாகும். அவர் விசாரித்து மதிப்பு நிர்ணயிக்கும் வரை நீங்கள் நடக்க வேண்டும்.

அந்த வழிகாட்டி மதிப்பின் யோக்கியதை என்ன? 2017 ஜூனில் மாநிலம் முழுக்க ஒரே வெட்டாக 33 சதவீதம் குறைத்தார்கள். குறைத்த கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023இல் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினார்கள். கட்டணத்தை 2 ஆக்கினார்கள். நிலம் அங்கேயே கிடந்தது. மண் மாறவில்லை, மழை மாறவில்லை, ரோட்டுக் குழிகூட மாறவில்லை. சுற்றறிக்கை மாறியது. இதைத்தான் 'சந்தை மதிப்பு' என்று பத்திரத்தில் எழுதச் சொல்கிறார்கள். எந்தச் சந்தை? எந்தக் கிழமை கூடுகிறது?

மாநிலம் முடித்த பிறகு மத்தி தொடங்கும். வருமான வரிச் சட்டத்தில் பரிவர்த்தனையும் விற்பனையும் ஒன்று. கிராமத்து விவசாய நிலமென்றால் தப்பித்தீர்கள். அது மூலதனச் சொத்து அல்ல. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் நீங்கள் நகரவாசி. காக்கை பறக்கிற நேர்க்கோட்டில் அளப்பார்கள். பஸ் வராத ஊராக இருந்தாலும் காக்கை வருமே.

நம் விவசாயிகள் இருவரும் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று வையுங்கள். ரோட்டோரக்காரர் 30 லட்சத்தைக் கொடுத்து 24 லட்சத்தை வாங்கியிருக்கிறார். பத்து சதவீத வித்தியாசம் வரை மன்னிப்பு உண்டு. இது அதைத் தாண்டுகிறது. எனவே அவருக்கு 30 லட்சம் வந்ததாகவே கணக்கு. 2001இல் அந்த நிலம் 2 லட்சம் பெற்றிருந்தால் ஆதாயம் 28 லட்சம், அதற்கு 12.5 சதவீத வரி 3,50,000 ரூபாய். வராத ஆறு லட்சத்துக்கும் சேர்த்துத்தான். விவசாய நிலத்தைக் கொடுத்து விவசாய நிலம் 'வாங்கினால்' விலக்கு உண்டு. மாற்றிக்கொண்டது வாங்கியதாகுமா என்று வாதாட ஓர் ஆடிட்டர் வேண்டும். அவருக்குக் கட்டணம் தனி.

கிணற்றோரக்காரரை விட்டுவிடுவார்களா? அவர் 24 லட்சத்தைக் கொடுத்து 30 லட்சத்தை 'அடித்துவிட்டார்'. அந்த ஆறு லட்சம் 'இதர வருமானம்'; அவருடைய வரி விகிதப்படி கட்ட வேண்டும். கவனியுங்கள். இல்லாத ஒரே ஆறு லட்சம். ஒருவரிடம் வந்ததாக வரி, இன்னொருவரிடம் மிஞ்சியதாக வரி. கோயில் உண்டியலில்கூட ஒரே காணிக்கையை இரண்டு தடவை எண்ண மாட்டார்கள்.

இதிலிருந்து தப்ப வழி உண்டு. கிணற்றோரக்காரர் அந்த ஆறு லட்சத்தை நிஜமாகவே கொடுத்துவிட வேண்டும். நிலத்தோடு கொஞ்சம் பணம் சேர்ந்தாலும் அது பரிவர்த்தனைதான். பத்திரத்தில் இரண்டு சொத்தின் மதிப்பையும் தனித்தனியே எழுதி, வித்தியாசத் தொகை எவ்வளவு, எந்த வங்கி, எந்தத் தேதி என்று குறிப்பிட வேண்டும். அப்போது 30க்கு 30 சரியாகிவிடும். இரண்டாவது வரி எழாது. ரொக்கமாகக் கைமாறியதோ, தொலைந்தீர்கள்: நிலப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அத்தனையும் அபராதம். ஆக, சமம் என்று நினைத்த இருவரில் ஒருவர், அரசாங்கத்தின் கணக்கு உதைக்காமல் இருப்பதற்காக ஆறு லட்சம் கடன் வாங்கி மற்றவருக்குத் தர வேண்டும். தன் நிலத்தைச் சேர்த்து உழ ஆசைப்பட்ட குற்றத்துக்கு.

பிறகு மேடை ஏறுவார்கள். "நிலங்கள் துண்டு துண்டாகிவிட்டன, விவசாயம் கட்டுப்படியாகவில்லை" என்று கண்ணீர் வடிப்பார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதுவும் நாலு மூலையில் கிடக்கிறது. துண்டுகளைச் சேர்க்க இருவர் தாமாக முன்வந்தால், மேடைக்குக் கீழே ரசீதுப் புத்தகத்தோடு ஆள் நிற்கிறார்.

மகாராஷ்டிரம் 2023இல் 'சலோகா' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. ஒருவர் நிலத்தை மற்றவர் பன்னிரண்டு வருடமாக அனுபவித்து வந்தால், விவசாயிகள் அவற்றைப் பரிவர்த்தனையாகப் பதிந்துகொள்ளலாம். முத்திரைத்தீர்வை 1,000 ரூபாய். நம் ரோட்டோரக்காரருக்குப் பதிவுக் கட்டணம் போக, தீர்வை மட்டும் 2,10,000 ரூபாய்.

இங்கே அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டாம். முத்திரைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, தீர்வையைக் குறைக்கவும் விலக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. விவசாய நிலத்துக்கு விவசாய நிலம் மாற்றுகிறவர்களுக்கு ஓர் அரசாணை போதும். ஒரு பக்கம். வழிகாட்டி மதிப்பை ஏற்றி இறக்கச் சுற்றறிக்கை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யவும் தெரியும். செய்யுங்கள்.