பொருள்: என் பட்டம் எதற்குச் சமம்?

அனுப்புநர்: பி.இ. இயந்திரவியல் (2022, முதல் வகுப்பு), பி.எட்., தற்சமயம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியறை.

பெறுநர்: பட்டங்களின் சமநிலையைத் தீர்மானிக்கும் உயர் அலுவலர் அவர்கள். (அறை எண் தெரியவில்லை. மூன்று அறைகளில் விசாரித்தேன். மூன்றிலும் அடுத்த அறையைக் காட்டினார்கள்.)

ஐயா,

எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அதிகாரம் தங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னுடையது எதற்குச் சமம் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

விடுதியில் நாங்கள் ஓர் அறையில் மூன்று பேர். மூவரும் மெக்கானிக்கல். ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கும், ஒருவனுக்குக் கணக்குப் பதிவியல் பிடிக்கும், எனக்குக் கணிதம். மெக்கானிக்கல் பிடித்தவன் எதிர் அறையில் இருந்தான். அவனை நாங்கள் கொஞ்சம் பயத்துடன்தான் பார்ப்போம்.

கம்ப்யூட்டர்க்காரன் இங்கே வந்த கதையைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2018, கலந்தாய்வு இணையத்துக்கு மாறிய முதல் வருஷம். 200க்கு அவன் கணிதத்தில் 176, இயற்பியலில் 158, வேதியியலில் 164. கணிதத்தைப் பாதியாக்கி, மற்ற இரண்டையும் காலாக்கிக் கூட்டினால் 88, 39.5, 41. கட்-ஆஃப் 168.5. விருப்பப் பட்டியல் நிரப்பப் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது கூடவே மாமாவும் போனார். "கிடைக்காததை மேல போட்டு வீணாக்காதடா, கிடைக்கறத மேல போடு" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஊருக்குத் தெரிந்த கல்லூரியின் மெக்கானிக்கல் முதலிடத்தில் ஏறியது. அவன் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ், பெயர் தெரியாத ஒரு கல்லூரியில், பதினாலாம் இடத்துக்கு இறங்கியது.

ஆனால் கணினி மாமாவைப் போல யோசிப்பதில்லை. தரவரிசையில் ஒருவனின் முறை வந்ததும் அவன் பட்டியலை மேலிருந்து படிக்கும். இடம் காலியாக இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். மேலே பத்துக் கனவுகளை எழுதி வைத்திருந்தாலும், இடமில்லையென்றால் அவற்றைத் தாண்டிப் போகுமே தவிர, அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறைக்காது. அவனுக்கு முதல் வரியே காலியாக இருந்தது. பதினாலாவதும் காலியாகத்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. "மேலே நகர்த்தக் கேட்கலாமே" என்றார்கள். மேலே என்றால் பட்டியலில் மேலே. முதலிடம் கிடைத்தவனுக்கு அதற்கு மேல் கூரைதான்.

படித்தோம். டிசைன் தேர்வுக்கு டேட்டா புக்கை உள்ளேயே கொண்டுபோக விடுவார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அரியர் வைக்க முடியும் என்பதை நாங்கள் மூவரும் தனித்தனியாக நிரூபித்தோம். வளாகத் தேர்வுக்குள் அந்த அரியரை முடித்தும்விட்டோம்.

இறுதியாண்டில் கம்பெனிகள் வந்தன. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் எல்லாவற்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இல்லை, எந்தத் துறையானாலும் சரி என்றார்கள். கம்ப்யூட்டர்க்காரன் உட்கார்ந்தான். 150 மீட்டர் நீள ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 250 மீட்டர் பிளாட்ஃபாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. 20 நொடி என்று எழுதினான். அந்த ரயிலின் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று நான்கு வருஷம் படித்தவனிடம் எஞ்சினைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில மாதம் ஜாவா சொல்லிக்கொடுத்து ஐ.டி. கார்டு மாட்டிவிட்டார்கள். அதாவது, நான்கு வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸும், நான்கு வருஷ மெக்கானிக்கலோடு சில மாத ஜாவாவும் சமம். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. பெயர் தெரியாத அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவனும் அதே பயிற்சி வகுப்பில், அதே சம்பளத்துக்கு, பக்கத்து நாற்காலியில் இருந்தானாம். அவனிடம் மாமாவைப் பற்றிச் சொல்லவில்லை என்றான்.

கணக்குப் பதிவியல்காரன் வங்கித் தேர்வுக்குப் போனான். அங்கே ஏதாவது ஒரு பட்டம் போதும். முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் நூறு கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு இடப்பக்கம் மூன்றாவதாக யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த மேசையின் ஒவ்வொரு காலிலும் எவ்வளவு பாரம் இறங்கும் என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. இரண்டாவது முயற்சியில் தேறி, இன்று ஒரு கிராமக் கிளையில் நகைக்கடன் பார்க்கிறான். ஒரே ஒரு முறை, கடனுக்காகக் காட்டப்பட்ட பழைய டிராக்டரைப் பார்த்து, "சைலன்சர்ல நீலப்புகை வருது, எஞ்சின் ஆயிலை எரிக்குது, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும்" என்றானாம். மேலாளர் அன்றிலிருந்து அவனை "என்ஜினீயர் சார்" என்று கூப்பிடுகிறார். நான்கு வருஷத்துக்குக் கிடைத்த மொத்தப் பலன் அந்த நீலப்புகை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன் என்று சொன்னபோது பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பின் விளைவு மெக்கானிக்கல். அதிலும் நான்கு செமஸ்டருக்கு நான்கு கணிதத் தாள்கள் இருந்தன. மூன்றாவதில் ஃபூரியர் தொடர் வரும். வகுப்பே அரியர் வைத்த தாளில் நான் தொண்ணூறைத் தாண்டினேன். வாத்தியாராகலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பொறியியல் படித்தவர்களும் பி.எட். சேரலாம் என்று 2014ஆம் ஆண்டு விதி சொல்கிறது, 55 விழுக்காடு இருந்தால். சேர்ந்தேன். இரண்டு வருஷம் படித்தேன். பிறகு விசாரித்தால், 2019இல் வந்த அரசாணைப்படி தகுதித் தேர்வு எழுதி ஆறு முதல் எட்டு வரை கணிதம் எடுக்கலாம் என்றார்கள். ஆக, எட்டாம் வகுப்பு வரை நான் சமம். ஒன்பதாம் வகுப்பில்தான் சைன், காஸ் முதன்முதலாக வருகின்றன. அந்த சைனையும் காஸையும் முடிவில்லாமல் கூட்டித்தான் ஃபூரியர் தொடர் போட்டேன். அந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைக்க என் பட்டம் போதாதாம். ஒன்பதாம் வகுப்பு வாசலில் அதற்கு என்ன ஆகிறது ஐயா? செருப்பைப் போலக் கழற்றி வைக்க வேண்டுமா?

தங்கள் தரப்பு எனக்குப் புரியாமலில்லை. நான்கு தாள் படித்தவன், மூன்று வருஷம் கணிதம் மட்டுமே படித்தவனுக்குச் சமமாக மாட்டான். மெய்யாகவே மாட்டான், தேற்றத்தை நிறுவச் சொன்னால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். ரயில் கேள்விக்கு விடை தெரிந்தால் போதும் என்கிற ஊரில், "நீ என்ன படித்தாய்?" என்று உண்மையிலேயே கேட்ட ஒரே வாசல் தங்களுடையதுதான். நான் ஆசைப்பட்ட ஒரே வாசலும் அதுவாகப் போனதுதான் என் ஜாதக விசேஷம்.

தற்போது மாலை ஆறு முதல் ஒன்பது வரை பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொகையீடு எடுக்கிறேன். மாடியில் யாரும் சமநிலை கேட்பதில்லை. பக்கத்துப் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவர் தன் மகனை என்னிடம்தான் அனுப்புகிறார்.

ஆகவே, மேற்படி பட்டம் எதற்குச் சமம் என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: நான்கு கணிதத் தாள்களின் மதிப்பெண் பட்டியல், பி.எட். சான்றிதழ் நகல், சுயமுகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை. உறையில் "என்ஜினீயர்" என்று முகவரி எழுதியது அம்மா. அடித்துவிட வேண்டாம்.